தாளில் ஓடும் நிரல்: லோட்-ஸ்டோர் கட்டளைகளைக் கையால் டிரேஸ் செய்யும் முறை

நினைவகத்தில் 5, -2, 7, 4 என்று நான்கு எண்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்பது வரி நிரல் ஒன்று அவற்றின் மேல் ஓடி முடிகிறது. இப்போது அங்கே என்ன எண்கள் இருக்கும்? வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் இரண்டு விடைகள்தாம் அதிகம் வரும். சிலர் 5, 3, 10, 14 என்று எழுதுவார்கள். சிலர் 5, 3, 5, 11 என்று எழுதுவார்கள். இரண்டாவது விடை எழுதியவர்களுக்கும் கூட்டல் தெரியும், கட்டளைகளின் பொருளும் தெரியும். அவர்களுடைய நினைவக அட்டவணைதான் இரண்டாம் சுற்றில் பழையதாக நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அந்த அட்டவணையை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதைப் பற்றியது.

நிரல் இதுதான். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் 32 பிட் அடிப்படை வடிவத்தில் எழுதியிருக்கிறேன். சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகள் பின்பற்றுவதும் ரிஸ்க்-ஃபைவ்தான். இடப்பக்கம் இருப்பது ஒவ்வொரு கட்டளையும் உட்கார்ந்திருக்கும் முகவரி, ஹெக்ஸில்.

```
00        addi x5, x0, 0x100
04        addi x6, x0, 3
08  loop: lw   x7, 0(x5)
0C        lw   x28, 4(x5)
10        add  x28, x28, x7
14        sw   x28, 4(x5)
18        addi x5, x5, 4
1C        addi x6, x6, -1
20        bne  x6, x0, loop
```

கட்டளைகளைப் படிப்பது

லோட்-ஸ்டோர் என்ற பெயருக்குக் காரணம் இந்த ஒன்பது வரியிலேயே இருக்கிறது. நினைவகத்தைத் தொடுபவை `lw`, `sw` இரண்டு மட்டுமே. கூட்டல், கழித்தல், ஒப்பீடு எல்லாம் செயலிக்குள் எண்களை வைத்துக்கொள்ளும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்களுக்குள்ளேயே நடக்கும். நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணோடு 5-ஐக் கூட்டிவிடு என்று ஒரே கட்டளையில் சொல்ல முடியாது. எடுத்து வர வேண்டும், கூட்ட வேண்டும், திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கையால் டிரேஸ் செய்பவருக்கு இது பெரிய வசதி. `lw`, `sw` தவிர வேறு எந்த வரியிலும் நினைவக அட்டவணையைப் பார்க்கவே தேவையில்லை.

`lw x7, 0(x5)` என்றால், x5-இல் உள்ள எண்ணோடு 0-ஐக் கூட்டினால் வரும் முகவரிக்குப் போய், அங்கே இருக்கும் எண்ணை x7-க்கு நகலெடு என்று பொருள். `4(x5)` என்றால் x5-இல் உள்ளதோடு 4-ஐக் கூட்டிய முகவரி. இந்தக் கூட்டல் முகவரி கண்டுபிடிக்க மட்டுமே. இதனால் x5 மாறாது.

`sw x28, 4(x5)` பார்வைக்கு `lw` போலவே இருக்கும், ஆனால் திசை எதிர்த்திசை. `bne` நீங்கலாக இங்குள்ள மற்ற கட்டளைகளில் முதலில் எழுதிய ரெஜிஸ்டர்தான் விடையை வாங்கிக்கொள்ளும். `sw`-இல் முதலில் எழுதியது கொடுக்கும் பக்கம். x28-இல் இருப்பது நினைவகத்துக்குப் போகிறது, x28 அப்படியே இருக்கிறது. நிரலைத் தாளில் எழுதியவுடன் ஒவ்வொரு `sw` வரிக்கும் பக்கத்தில் வலப்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். பரீட்சை அவசரத்தில் கண் தவறும் இடம் இதுதான்.

`addi` ஒரு ரெஜிஸ்டரோடு ஒரு மாறிலியைக் கூட்டும். x0 எப்போதும் 0 என்பதால் `addi x6, x0, 3` என்றால் x6-இல் 3 போடு என்றுதான் அர்த்தம். `bne` இரண்டு ரெஜிஸ்டர்களும் சமமாக இல்லாவிட்டால் லேபிளுக்குத் தாவும், சமமாக இருந்தால் அடுத்த வரிக்குப் போகும்.

பழைய மிப்ஸ் வினாத்தாள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல்: அங்கே தாவல் கட்டளைக்கு அடுத்த வரியும் ஒருமுறை ஓடிவிடும் என்ற விதி உண்டு. ரிஸ்க்-ஃபைவில் அது கிடையாது. தாவினால் உடனே தாவியதுதான்.

இரண்டு அட்டவணைகள்

ரெஜிஸ்டர்களுக்கு ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று. இரண்டும் வேறு வேறு விதமாக வளரும்.

நினைவக அட்டவணையில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரி. இங்கே ஒவ்வோர் எண்ணும் ஒரு வேர்ட், அதாவது 4 பைட். எனவே அடுத்தடுத்த எண்களின் முகவரிகள் நான்கு நான்காக ஏறும். கணக்கில் நான்கு எண்கள்தான் இருக்கின்றன, ஆனால் நான் எப்போதும் கடைசி எண்ணுக்கு அப்பால் இன்னொரு வரி போட்டு, அதில் எனக்குத் தெரிந்த ஓர் எண்ணை வைத்துவிடுவேன். இங்கே 99. இந்த நிரல் அதைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால், நிரலிலோ என் டிரேஸிலோ தவறு இருக்கிறது என்று அந்த வரியே காட்டிக்கொடுக்கும்.

| முகவரி | மதிப்பு |
|---|---|
| 0x100 | 5 |
| 0x104 | -2 |
| 0x108 | 7 |
| 0x10C | 4 |
| 0x110 | 99 |

மதிப்புப் பத்தியை அகலமாக விடுங்கள். `sw` வரும்போது பழைய எண்ணை ரப்பரால் அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, வலப்பக்கத்தில் புதியதை எழுதுங்கள். அடிபடாமல் வலக்கோடியில் நிற்பதுதான் இப்போதைய மதிப்பு. பழையது கண்ணுக்குத் தெரிவதால், தவறு நேர்ந்தால் எந்தப் படியில் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியும்.

ரெஜிஸ்டர் அட்டவணை கீழ்நோக்கி வளரும். ஒரு கட்டளை ஓடினால் ஒரு வரிசை. பத்திகள்: படி எண், பிசி, நிரல் தொடும் ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கடைசியில் நினைவகத்துக்கு ஒன்று. பிசி என்பது இப்போது ஓடும் கட்டளையின் முகவரி. படி எண்ணும் பிசியும் ஒன்றல்ல. லூப் சுற்றும்போது பிசி திரும்பி வரும், படி எண் ஏறிக்கொண்டே போகும். x0-க்குப் பத்தி தேவையில்லை, அது மாறப்போவதில்லை.

மாறாத ரெஜிஸ்டர்களின் மதிப்பை ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுதச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வரிசைக்கு நான்கு எண்களைப் பார்த்து எழுதினால் எங்காவது ஒன்று பிசகும், பிறகு அந்தப் பிசகு கீழே போய்க்கொண்டே இருக்கும். மாறிய கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பு வேண்டுமானால் அந்தப் பத்தியில் மேலே போய், முதலில் தட்டுப்படும் எண்ணை எடுங்கள்.

தொடக்கத்தில் ரெஜிஸ்டர்களில் என்ன இருக்கிறது என்று நிரல் சொல்லவில்லை. எனவே முதல் வரிசையில் கேள்விக்குறி போடுங்கள். 0 என்று எழுதிவிட்டால், மதிப்புப் போடாமலே ஒரு ரெஜிஸ்டரைப் பயன்படுத்தும் நிரலும் உங்கள் தாளில் சரியாக ஓடிவிடும். கேள்விக்குறியைக் கூட்ட வேண்டிய நிலை வந்தால்தான் அந்தக் குறை தெரியும்.

முதல் சுற்று

| படி | பிசி | x5 | x6 | x7 | x28 | நினைவகம் |
|---|---|---|---|---|---|---|
| 0 | | ? | ? | ? | ? | |
| 1 | 00 | 0x100 | | | | |
| 2 | 04 | | 3 | | | |
| 3 | 08 | | | 5 | | |
| 4 | 0C | | | | -2 | |
| 5 | 10 | | | | 3 | |
| 6 | 14 | | | | | 0x104 ← 3 |
| 7 | 18 | 0x104 | | | | |
| 8 | 1C | | 2 | | | |
| 9 | 20 | | | | | |

படி 3-ஐ நிதானமாகப் பார்ப்போம். `lw x7, 0(x5)`. x5 பத்தியில் மேலே போனால் 0x100. அதோடு 0-ஐக் கூட்டினால் 0x100. இந்த முகவரியைத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் நினைவக அட்டவணைக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும். அங்கே 5. அது x7 கட்டத்துக்கு வருகிறது. நினைவகத்தில் உள்ள 5 போய்விடவில்லை, அது அங்கேயும் இருக்கிறது.

படி 4-இல் முகவரி 0x100 + 4 = 0x104. அங்கே -2. x28-க்கு வருகிறது. x5 இன்னும் 0x100-தான்.

படி 5-இல் x28 இரண்டு வேலை செய்கிறது: கொடுப்பதும் வாங்குவதும் அதுவே. முந்தைய வரிசைகளில் உள்ள மதிப்புகளைப் படித்து முடித்த பிறகுதான் புதியதை எழுத வேண்டும். -2 + 5 = 3.

படி 6-இல் முகவரி மறுபடியும் 0x104. x28-இல் உள்ள 3 அங்கே போகிறது. இப்போதே, அடுத்த வரிக்குப் போவதற்கு முன், நினைவக அட்டவணைக்குப் போய் 0x104-க்கு எதிரே உள்ள -2-ஐ அடித்து, பக்கத்தில் 3 எழுதுங்கள். ரெஜிஸ்டர் அட்டவணையின் கடைசிப் பத்தியில் எழுதியது ஒரு குறிப்பு மட்டுமே. நினைவகம் என்பது அந்த மற்றோர் அட்டவணைதான். சுற்று முடிந்த பிறகு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், 5, 3, 5, 11 என்ற விடைக்குப் போகும் வழியில் கால் வைத்தாயிற்று.

படி 9-இல் x6 = 2, x0 = 0. சமமில்லை. எனவே அடுத்த பிசி 08. `bne` எந்த ரெஜிஸ்டரையும் மாற்றாது, அந்த வரிசையின் கட்டங்கள் காலியாகவே இருக்கும். வரிசையையே விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், ஓரத்தில் "2, 0 சமமில்லை, 08" என்று எழுதுங்கள். லூப் ஒரு சுற்று கூடுவதும் குறைவதும் இந்தக் காலி வரிசையில்தான் தீர்மானமாகிறது.

இரண்டாம் சுற்று

| படி | பிசி | x5 | x6 | x7 | x28 | நினைவகம் |
|---|---|---|---|---|---|---|
| 10 | 08 | | | 3 | | |
| 11 | 0C | | | | 7 | |
| 12 | 10 | | | | 10 | |
| 13 | 14 | | | | | 0x108 ← 10 |
| 14 | 18 | 0x108 | | | | |
| 15 | 1C | | 1 | | | |
| 16 | 20 | | | | | |

படி 10-தான் இந்த நிரலின் உயிர்நாடி. x5 இப்போது 0x104. அந்த முகவரியில் முதலில் கொடுத்த -2 இல்லை, படி 6-இல் நாம் வைத்த 3 இருக்கிறது. எனவே x7 = 3. வினாத்தாளில் அச்சாகியிருக்கும் பட்டியலைப் பார்த்து -2 என்று எழுதியவருக்கு படி 12-இல் 7 + (-2) = 5 வரும். அடுத்த சுற்றிலும் அதேபோல் பழைய 7-ஐ எடுத்தால் 4 + 7 = 11. மேலே சொன்ன இரண்டாவது விடை பிறக்கும் இடம் இது.

படி 3-இல் x7-க்கு வந்த 5-ஐப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ரெஜிஸ்டரில் இருப்பது லோட் செய்த நொடியில் எடுத்த நகல். பிறகு நினைவகம் மாறினாலும் ரெஜிஸ்டர் தானாக மாறாது. ரெஜிஸ்டர் மாறினாலும் `sw` ஓடும் வரை நினைவகத்துக்குத் தெரியாது. படி 5 முடிந்த நேரத்தில் x28-இல் 3, 0x104-இல் -2. இரண்டும் ஒரே எண்ணின் இரு வேறு காலத்து மதிப்புகள், படி 6 வரை அப்படியே பிரிந்து நிற்கும்.

மூன்றாம் சுற்று

| படி | பிசி | x5 | x6 | x7 | x28 | நினைவகம் |
|---|---|---|---|---|---|---|
| 17 | 08 | | | 10 | | |
| 18 | 0C | | | | 4 | |
| 19 | 10 | | | | 14 | |
| 20 | 14 | | | | | 0x10C ← 14 |
| 21 | 18 | 0x10C | | | | |
| 22 | 1C | | 0 | | | |
| 23 | 20 | | | | | |

படி 21-இல் 0x108 + 4 = 0x10C. இதை 0x112 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஹெக்ஸில் 9-க்குப் பிறகு A, B, C. வேர்ட் முகவரி எதுவும் 0, 4, 8, C என்ற நான்கில் ஒன்றில்தான் முடிய வேண்டும். 2-இலோ 5-இலோ முடிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள். 5-இல் முடிந்தால் பெரும்பாலும் x5-ஐ 4-க்குப் பதில் 1 கூட்டியிருப்பீர்கள்.

படி 23-இல் x6 = 0. x0-வும் 0. சமம், எனவே தாவல் இல்லை. பிசி 24-க்குப் போகிறது, நமது நிரல் அங்கே முடிகிறது. நினைவகத்தில் 5, 3, 10, 14. ஒவ்வோர் இடத்திலும் அதுவரையிலான எண்களின் கூட்டுத்தொகை. 0x110-இல் 99 அப்படியே.

தாளிலேயே சரிபார்ப்பது

விடை சரியா என்று கடைசியில் பார்ப்பதைவிட, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சிறு கணக்குப் போடலாம். இந்த நிரலில் x5 நான்கு ஏறும்போது x6 ஒன்று இறங்குகிறது. எனவே x5 + 4 × x6 மாறாமல் இருக்க வேண்டும். லூப்புக்குள் நுழையும்போது 0x100 + 12 = 0x10C. முதல் சுற்று முடிவில் 0x104 + 8 = 0x10C. பிறகு 0x108 + 4, கடைசியாக 0x10C + 0. எல்லாம் 0x10C. ஒரு சுற்றில் இது தப்பினால், அந்தச் சுற்றின் ஏழு வரிசைகளை மட்டும் பார்த்தால் போதும்.

படிகளின் எண்ணிக்கையும் உதவும். லூப்புக்கு வெளியே 2 கட்டளைகள், உள்ளே 7, மூன்று சுற்று: 2 + 21 = 23. உங்கள் அட்டவணையில் 22 இருந்தால் ஏதோ ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது. அடுத்து, ஒரு வரிசையில் அதிகபட்சம் ஒரு கட்டம்தான் நிரம்ப வேண்டும். `4(x5)` பார்த்து x5-ஐயும் மாற்றியவர் இங்கே மாட்டிக்கொள்வார். அவருடைய வரிசையில் இரண்டு எண்கள் இருக்கும்.

கணினியில் சரிபார்க்க ரார்ஸ் போன்ற சிமுலேட்டரில் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டலாம். அங்கே ரெஜிஸ்டர்களுக்கு இரண்டாவது பெயரும் தெரியும்: x5, x6, x7 முறையே `t0`, `t1`, `t2`, x28 என்பது `t3`. ரார்ஸின் வழக்கமான அமைப்பில் தரவுப் பகுதி `0x10010000`-இல் தொடங்கும். ஆகவே நமது 0x100 அங்கே பொருந்தாது. முதல் வரியை மாற்றி, எண்களுக்கு ஒரு லேபிள் கொடுத்து இப்படி எழுத வேண்டும்:

```
.data
arr: .word 5, -2, 7, 4, 99
.text
     la x5, arr
```

`la` என்பது இரண்டு உண்மையான கட்டளைகளாக விரியும். அதனால் அங்கே படிகள் 24 ஆகும், பிசி எண்களும் வேறாக இருக்கும். ஒப்பிட வேண்டியது x6, x7, x28 பத்திகளையும் நினைவக மதிப்புகளையும்தான். நினைவகத்தை ஹெக்ஸில் காட்டினால் -2 இருக்கும் இடத்தில் `0xfffffffe` தெரியும். அதுவும் -2-தான், 32 பிட்டில் எழுதியது. அதோடு 5-ஐக் கூட்டினால் 32 பிட்டுக்கு வெளியே வழியும் 1 விழுந்துவிட்டு 3 மிஞ்சும். தாளில் தசம எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். `lb`, `lbu` போல் ஒரு பைட்டை மட்டும் எடுக்கும் கட்டளை வந்தால்தான் ஹெக்ஸுக்கு மாற வேண்டும். அப்போது 0x104-இன் நான்கு பைட்களும் FE, FF, FF, FF என்ற வரிசையில் இருக்கும், சிறிய பக்கம் முதலில். `lb` அங்கே -2 தரும், `lbu` 254 தரும்.

ஒரு வரி இடம் மாறினால்

இதே நிரலில் `sw`-ஐயும் அதற்கு அடுத்த `addi`-யையும் இடம் மாற்றிப் பார்ப்போம். வேறு எதையும் தொட வேண்டாம்.

```
10        add  x28, x28, x7
14        addi x5, x5, 4
18        sw   x28, 4(x5)
```

நிரலைப் படித்துப் பார்த்தால் இது சரியாகத்தான் தோன்றும், பிழை கண்ணில் படாது. அட்டவணை போட்டால் படி 7-லேயே வெளிப்பட்டுவிடும். படி 6-இல் x5 = 0x104 ஆகிவிட்டது. படி 7-இல் `sw` போக வேண்டிய முகவரி 0x104 + 4 = 0x108. x28-இல் உள்ள 3 அங்கே போய் உட்கார்கிறது, 7 போய்விட்டது. 0x104-இல் -2 அப்படியே நிற்கிறது.

இரண்டாம் சுற்றில் x7-க்கு -2, x28-க்கு 3 வருகின்றன. கூட்டினால் 1. x5 0x108 ஆன பிறகு அந்த 1 போவது 0x10C-க்கு. மூன்றாம் சுற்றில் x7 = 3, x28 = 1, கூட்டினால் 4. x5 0x10C ஆகிவிட்டது. `sw` போகும் முகவரி 0x110.

| முகவரி | தொடக்கம் | முடிவு |
|---|---|---|
| 0x100 | 5 | 5 |
| 0x104 | -2 | -2 |
| 0x108 | 7 | 3 |
| 0x10C | 4 | 1 |
| 0x110 | 99 | 4 |

x5 + 4 × x6 கணக்கு இங்கே ஒவ்வொரு சுற்றிலும் 0x10C-தான். லூப்பின் எண்ணிக்கையில் பிழையில்லை, 23 படிகளும் சரியாக இருக்கின்றன. நாம் வைத்த சரிபார்ப்புகளில் தவறைக் காட்டுவது கடைசி வரியில் வைத்த 99 மட்டுமே, அது 4 ஆகிவிட்டது. திருத்த, `sw` வரியில் `4(x5)`-ஐ `0(x5)` ஆக்கினால் போதும். x5 ஏற்கெனவே நான்கு நகர்ந்துவிட்டதால் அதே 0x104, 0x108, 0x10C-க்குத்தான் எண்கள் போகும், 99 பிழைத்துக்கொள்ளும்.